நிலுவைப் பட்டியலில் யார் பெயர் இருக்கணும்?

1/ பெரிய மருத்துவமனைகளில் லேப் மென்பொருள் தினமும் ஒரு வேலை செய்யும். டாக்டர் எழுதி, குறிப்பிட்ட நேரம் ஆகியும் ரிசல்ட் வராத டெஸ்ட்களை எல்லா வார்டிலிருந்தும் தேடி எடுத்து ஒரே பட்டியலாக அனுப்பும். தொலைந்த ரத்த சாம்பிளைக் கண்டுபிடிக்க இது அவசியம். என் கேள்வி, அந்தப் பட்டியலில் என்னென்ன இருக்கணும் என்பதுதான்.

2/ வழக்கமா இருப்பது: பெயர், படுக்கை எண், டெஸ்ட் பெயர். அது வார்டு வாட்ஸ்அப் குரூப்புக்கும் போகுது. "ரிசல்ட்டே வரலையே, இதுல என்ன ரகசியம்?"னு கேட்பாங்க. ஒரு பெயருக்குப் பக்கத்தில் "எச்ஐவி" என்று இருந்தாலே போதும், ரிசல்ட் நெகட்டிவ்னு வர்றதுக்குள்ள பேச்சு கிளம்பிடும். கல்யாணம் ஆகாத பெண்ணின் கர்ப்ப டெஸ்ட்டும் அப்படித்தான்.

3/ 2017 எச்ஐவி சட்டம் ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆனா தினசரி சேதம் நடப்பது ரிசல்ட்டுக்கு முன்னால், கோரிக்கை காத்திருக்கும் நேரத்தில்.

4/ ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். ஒரு சாம்பிள் வார்டிலிருந்து கிளம்பி லேப்புக்குப் போய்ச் சேரலை. கண்டுபிடிக்க என்ன வேணும்? சாம்பிள் எண், வார்டு, எத்தனை மணி நேரம் தாமதம், அவசரமா இல்லையா. நாலே விஷயம். பெயரும் வேண்டாம், டெஸ்ட் பெயரும் வேண்டாம். பொட்டாசியம் மாதிரி உயிர் சம்பந்தப்பட்டதுக்கு "அவசரம்"ங்கிற குறி போதும், உடனே போன் பண்ணலாம்.

5/ மறுபடி ரத்தம் எடுக்கணும்னா நோயாளி யாருன்னு தெரியணுமே? தெரியணும். அந்த வார்டு நர்ஸ் தன் சொந்த லாகினில் எண்ணைப் போட்டுத் திறக்கட்டும். தன் வார்டு மட்டும் தெரியட்டும். யார், எப்போ திறந்தாங்கன்னு பதிவாகட்டும்.

6/ முக்கியமான இடம் இது. பெயரைத் திரையில் மட்டும் மறைச்சா போதாது. தேடுற அந்த மென்பொருள் கணக்குக்கே பெயரையும் டெஸ்ட்டையும் படிக்க அனுமதி இருக்கக்கூடாது. படிச்சுட்டு மறைச்சா, எக்செலில் இறக்கும்போது எல்லாம் வெளியே வந்துடலாம். சோதிச்சுப் பார்ப்பது சுலபம்: வேறு வார்டு ஊழியரின் லாகினில் பட்டியலை இறக்கிப் பாருங்க.

7/ வெறும் எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்கும். மூணு பேர் இருக்கிற வார்டில் "எச்ஐவி நிலுவை: 1" என்றால், யாருன்னு ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எண்ணிக்கையை டெஸ்ட் வாரியாகப் பிரிக்காமல், வார்டுக்கு மொத்தமா காட்டினால் போதும்.

8/ இதனால் நர்ஸுக்கு ஒரு நிமிஷம் கூடுதல் வேலைதான், மறுக்கலை. ஆனா அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிக்க, வார்டு குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் ஒருத்தர் அந்தரங்கத்தைப் படிக்கணுமா? வேண்டாம் என்பதே என் கருத்து.