வட்டியைக் கையில் வாங்குவதா, வைப்பிலேயே விடுவதா?

நிரந்தர வைப்பு விண்ணப்பத்தில் ஒரு சிறிய கேள்வி உண்டு: வட்டியைக் காலாண்டுதோறும் பெற விரும்புகிறீர்களா, அல்லது முதலுடன் சேர்த்து முதிர்வின்போது பெறுவீர்களா? வட்டி விகிதத்தைக் கவனமாக விசாரிக்கும் வாடிக்கையாளர்கள் பலர், இந்தக் கட்டத்தை அதே கவனத்துடன் நிரப்புவதில்லை. நீண்ட கால வைப்பில் இறுதித் தொகையைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தக் கட்டமே என்பது என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் சகோதரர் இருவர் எங்கள் கிளைக்கு வந்தனர். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில், ஒரே 7 சதவீத வட்டியில், ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வைப்புச் செய்திருந்தார்கள். தம்பிக்கு முதிர்வுத் தொகையாக 2,00,160 ரூபாய் வந்தது. அண்ணனுக்கு அவர் போட்ட ஒரு லட்சம் மட்டுமே திரும்பியது. "என் வட்டி எங்கே போயிற்று சார்?" என்று அவர் கேட்டார். அது எங்கும் போகவில்லை. காலாண்டுக்கு 1,750 ரூபாய் வீதம் நாற்பது தவணைகளில், மொத்தம் 70,000 ரூபாய், அவருடைய சேமிப்புக் கணக்கில் வரவாகி, வீட்டுச் செலவோடு கலந்து கரைந்திருந்தது.

வங்கி இருவருக்கும் ஒரே விகிதத்தில்தான் வட்டி கொடுத்தது. அண்ணன் வட்டியை எடுத்துக்கொண்டதால் அவருடைய முதல் எப்போதும் ஒரு லட்சமாகவே நின்றது. அவர் பெற்றது தனி வட்டி. தம்பியின் கணக்கில் முதல் காலாண்டின் 1,750 ரூபாய் முதலோடு சேர்ந்தது. அடுத்த காலாண்டில் 1,01,750 ரூபாய்க்கு வட்டி கணக்கிடப்பட்டு, 1,780 ரூபாய் 63 காசு கிடைத்தது. அதற்கடுத்த காலாண்டில் 1,811 ரூபாய் 79 காசு. இதுவே கூட்டு வட்டி.

முதல் ஆண்டின் முடிவில் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 186 ரூபாய்தான். இவ்வளவு சிறிய தொகைக்காக எவரும் யோசிக்கமாட்டார்கள். தவறு நிகழ்வதும் இங்கேதான். ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்த வேறுபாடு 6,478 ரூபாய். பத்தாம் ஆண்டு முடிவில் 30,160 ரூபாய். ஆக, மொத்த வேறுபாட்டில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பின்பாதி ஐந்து ஆண்டுகளில் வந்தது. கூட்டு வட்டியின் பலன் பிற்பகுதியில்தான் திரளும். பாதியில் வைப்பை முறிப்பவர், அந்தப் பெரும்பகுதியையே இழக்கிறார்.

முதிர்வு நாளிலும் இதே கேள்வி திரும்ப வருகிறது. தம்பி அந்த 2,00,160 ரூபாயை முழுவதுமாகப் புதுப்பித்து, அதே விகிதமும் நீடித்தால், அடுத்த பத்தாண்டில் அது நான்கு லட்சத்தைத் தாண்டும். முதலை மட்டும் புதுப்பித்து வட்டியை எடுத்துவிட்டால், மீண்டும் ஒரு லட்சத்திலிருந்தே தொடங்க நேரும். புதுப்பிக்கும் நாளில் விகிதம் மாறியிருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனினும், காலாண்டு வட்டி எல்லோருக்கும் பொருந்தாதது என்று நான் சொல்லவில்லை. ஓய்வூதியம் இல்லாத முதியவருக்கு அந்த 1,750 ரூபாய் மருந்துச் செலவாக இருக்கலாம். அவருக்கு அதுவே சரியான தேர்வு. மறுமுதலீட்டு வைப்பிலும் இரண்டு வரம்புகள் உள்ளன. வட்டி கைக்கு வராவிட்டாலும், ஆண்டுதோறும் சேரும் வட்டிக்கு வருமான வரி உண்டு. அந்த வரியை வைப்பிலிருந்தே கழிக்க நேர்ந்தால், வளர்ச்சி அந்த அளவுக்குக் குறையும். மேலும், இடையில் முறித்தால் பணம் வங்கியில் இருந்த காலத்துக்குரிய விகிதமே, பெரும்பாலும் ஒரு கழிவுடன், கிடைக்கும். ஆகவே பெருந்தொகையை ஒரே ரசீதாகப் போடாமல் மூன்று நான்கு ரசீதுகளாகப் பிரித்து வைப்பது நல்லது. அவசரத்தின்போது ஒன்றை மட்டும் முறிக்கலாம். அல்லது வைப்பின் பேரில் கடன் பெறலாம்.

அலுவலர்களாகிய நாங்களும் விண்ணப்பத்தை வாங்கி முத்திரையிடுவதற்கு முன், "இந்த வட்டியைக் கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்பது எங்கள் கடமை என்று கருதுகிறேன். குறிப்பிட்ட செலவு ஒன்றைச் சொல்ல முடிந்தவர் வட்டியைப் பெற்றுக்கொள்ளட்டும். பதில் சொல்லத் தயங்குபவர், வட்டியை வைப்பிலேயே விட்டுவைப்பது மேல். அண்ணன் தம் ஒரு லட்சத்தை அன்றே மறுமுதலீட்டு வைப்பாக மாற்றிச் சென்றார். விகிதத்தைப் பற்றி அவர் அன்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை; அந்தக் கட்டத்தை மட்டும் இருமுறை சரிபார்த்துக்கொண்டார்.