பேஜை மூட வேண்டியது அவள் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, சலித்துத் தரம் பிரித்த காயை ஃபேஸ்புக் பேஜ் மூலம் விற்கிறாள். போன மாதம் போன் செய்தாள். "சார், பேஜை மூடிடலாமான்னு இருக்கு." 8 எம்எம் காய் வீடியோ போட்டிருக்கிறாள். அதன் கீழே ஒருவன், "காய் ரேட் இருக்கட்டும், உன் ரேட் என்ன?" என்று கேட்டிருக்கிறான். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்கள் பதினொரு பேர்.

வீட்டுப் பெரியவர்கள் சொன்ன தீர்வு: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வம்பு? மூடிடு." ஏனய்யா, போடி பஜாரில் ஒருவன் கடை முன்னால் நின்று இப்படிப் பேசினால் கடையையா பூட்டுவீர்கள்?

என் மகளை வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். பேஜின் `Professional dashboard` உள்ளே `Moderation Assist` என்று ஒன்று இருக்கிறது. அங்கே கெட்ட வார்த்தைகளைப் பட்டியலாகக் கொடுத்தால், அந்தச் சொல் வரும் கமெண்ட் தானாக மறைந்துவிடும். அசிங்கமான சொற்களை எழுதிக் கொடுக்க அவளுக்குக் கூச்சம். நானே எழுதினேன். நாற்பது வருஷம் வகுப்பறைச் சுவரில் படித்தவைதானே!

இங்கேதான் தமிழ் வாத்தியார் வேலை வந்தது. நம் மொழியில் சொல்லின் வாலில் ஐ, ஆல், கு, டி, டா என்று ஏதாவது ஒட்டும். வெறும் வேர்ச்சொல்லைக் கொடுத்துவிட்டு மகளின் கணக்கிலிருந்து சோதித்தால், வால் முளைத்தவை சில தப்பித்தன. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள் ஒரே வசவை நாலு விதமாக எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேர்த்தோம்.

ஆனால் "ரேட்" என்ற சொல்லை என்ன செய்வது? அதைத் தடுத்தால் நியாயமாக விலை கேட்கும் வாடிக்கையாளரும் மறைந்துபோவார். "உன் ரேட்" என்று இரண்டு சொல்லாகச் சேர்த்தோம். "ஒன் ரேட்டு" என்று எழுதி வந்தான் இன்னொருவன். எந்திரத்துக்கு இதற்கு மேல் புரியாது. அதனால் கிலோ விலையையும் தபால் செலவையும் ஒவ்வொரு பதிவிலும் முதல் வரியிலேயே போடச் சொன்னேன். இப்போது விலை கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். மிச்சமுள்ளதைக் காலையும் மாலையும் அவளே கண்ணால் பார்க்கிறாள்.

"காய் பழசு, மணம் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதையும் மறைக்கப் போனாள். கூடாது என்றேன். அது சரக்கைப் பற்றிய புகார், பதில் சொல். உன்னைப் பற்றிப் பேசினால்தான் அது வசவு.

மறைப்பதும் அழிப்பதும் வேறு. மறைத்த கமெண்ட் எழுதியவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் மட்டும் தெரியும். தன் கமெண்ட் மறைந்தது தெரியாமல் அவன் பாட்டுக்கு இருப்பான். அழித்தால் புரிந்துகொண்டு புதுக் கணக்கில் வருவான். எதைச் செய்தாலும் அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். கமெண்ட், தேதி, நேரம், எந்தப் பதிவின் கீழ் என்பது, அவன் புரொஃபைலின் லிங்க் எல்லாம் வேண்டும். பெயரை மட்டும் குறித்தால் நாளைக்கு மாற்றிவிடுவான். இவள் கோபத்தில் முதல் வாரத்துக் கமெண்ட்டுகளை அழித்துவிட்டாள். அவை போனவைதான்.

ஒருவன் இன்பாக்ஸிலும் விடாமல் வந்தான். பலர் சொல்வது "கண்டுக்காதே". இந்த இடத்தில் அது தப்பு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, பெண் தெளிவாக விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைக் குற்றம் என்கிறது. அந்த "தெளிவாக" என்பதற்குச் சான்று வேண்டும். "எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்" என்று ஒரே ஒரு வரி, மரியாதையாக. அதற்குப் பிறகு பதிலே கிடையாது. பிறகு வந்ததை எல்லாம் சேர்த்து cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். 1930க்கு அடி என்றார் ஒரு மாமா. அது பணம் பறிபோனவர்களுக்கான எண்.

"நான் எழுதல, ஷேர்தான் பண்ணேன்" என்பவர்களுக்கு ஒன்று. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்தேன் என்றார். 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

அந்தப் பதினொரு சிரிப்புக் குறிகளில் மூன்று என்னிடம் படித்தவர்களுடையது. ஒருவன் எங்கள் சொந்தம். பெயர் எழுதவில்லை. இன்று ராத்திரிக்குள் எடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். நாளைக் காலையில் நானே அந்தப் பேஜைப் பார்ப்பேன்.