யூடியூப் வீடியோ போட்ட பிறகு டைட்டிலை மாத்தலாமா? ரேங்கிங் என்ன ஆகும்?

வீடியோ போட்டு மூணு மணி நேரம் ஆச்சு. வியூஸ் ஏறவே இல்லை. டைட்டிலை மாத்திப் பார்க்கலாமா என்று கை பரபரக்கிறது. 'மாத்தினா அல்காரிதம் கீழே தள்ளிடும்' என்கிறார் ஒரு நண்பர். 'மாத்தினா புது வீடியோ மாதிரி மறுபடி மேலே வரும்' என்கிறார் இன்னொருவர். இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை.

திருத்தினால் தண்டனை உண்டா?

பிரிட்டன் யூடியூபர் டாம் ஸ்காட் 2020-ல் ஒரு வீடியோ வெளியிட்டார். அதற்கு எத்தனை வியூஸ் வந்திருக்கிறதோ, அந்த எண்ணிக்கைதான் அதன் டைட்டில். வியூஸ் ஏற ஏற, அவர் எழுதிய ஒரு புரோகிராம் டைட்டிலைத் தானாகவே மாற்றிக்கொண்டே இருந்தது. திருத்தம் செய்வதே குற்றம் என்றால் அந்த வீடியோ காணாமல் போயிருக்க வேண்டும். அது கோடிக்கணக்கான வியூஸைத் தாண்டியது.

யூடியூப் தரும் விளக்கமும் இதுதான். டைட்டிலை மாற்றினால் ரேங்கிங் மாறலாம். ஆனால் அதற்குக் காரணம், நீங்கள் மாற்றினீர்கள் என்பதல்ல. புது டைட்டிலைப் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்பது. மாற்றிய பிறகும் வீடியோவின் லிங்க், வியூஸ், கமென்ட் எல்லாம் அப்படியேதான் இருக்கும். 'புது வீடியோ' ஆகிவிடாது.

கிளிக் மட்டும் போதுமா?

ராயகிரியைச் சேர்ந்த ஒருவர், பக்கத்தில் இருக்கும் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைப் பற்றி வீடியோ போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டைட்டில், 'எங்க ஊர் பக்கம் ஒரு நாள்'. 10,000 முறை திரையில் காட்டப்பட்டு, 100-க்கு 2 பேர் கிளிக் செய்கிறார்கள். ஆக 200 பேர். ஆளுக்குச் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால், மொத்தம் 800 நிமிடம்.

இப்போது டைட்டிலை 'எலுமிச்சைச் சந்தையில் நடந்த அதிர்ச்சி!' என்று மாற்றுகிறார். கிளிக் 4 சதவீதமாகிறது. 400 பேர் வருகிறார்கள். ஆனால் அதிர்ச்சி எதுவும் இல்லையே! ஒன்றரை நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். மொத்தம் 600 நிமிடம்தான். கிளிக் இரட்டிப்பானது, பார்த்த நேரமோ குறைந்துவிட்டது.

அதற்குப் பதிலாக 'புளியங்குடி சந்தையில் எலுமிச்சை விலையை யார் முடிவு பண்றாங்க?' என்று வைத்து, வீடியோவிலும் அதற்குப் பதில் இருந்தால்? 3 சதவீதம் பேர் வந்து 4 நிமிடம் பார்த்தாலே 1,200 நிமிடம். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால் கணக்கு இப்படித்தான் வேலை செய்கிறது.

பொய் டைட்டிலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வீடியோவில் இல்லாததைச் சொல்லும் டைட்டில், தம்ப்நெயில்கள் மீது இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்குவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது. குறிப்பாக, பிரேக்கிங் நியூஸ், நடப்பு விவகாரம் பற்றிய வீடியோக்கள் மீது.

எப்போது மாற்றலாம்?

யூடியூப் ஸ்டுடியோவில் 'இம்ப்ரஷன்ஸ் கிளிக்-த்ரூ ரேட்' என்ற கணக்கு இருக்கும். பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்கிறது யூடியூப். உங்கள் சேனலின் வழக்கமான அளவைவிட இது குறைவாக இருந்து, வந்தவர்கள் மட்டும் நன்றாகப் பார்க்கிறார்கள் என்றால் சரக்கு நல்லது, போர்டுதான் சரியில்லை. தாராளமாக மாற்றலாம். கிளிக் நன்றாக இருந்து, வந்தவர்கள் உடனே ஓடினால், சொன்னதும் காட்டியதும் பொருந்தவில்லை என்று அர்த்தம். வீடியோவில் உண்மையில் இருப்பதைச் சொல்லும்படி டைட்டிலைத் திருத்துங்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது?

* வியூஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது. அப்போது கிளிக் சதவீதம் குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம். முதலில் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் சப்ஸ்கிரைபர்கள். பிறகு உங்களைத் தெரியாதவர்களுக்கும் வீடியோ போகிறது. சதவீதம் இறங்குவது இயல்பு.

* தேடல் வழியாக ஆள் வரும்போது. 'டிராஃபிக் சோர்ஸ்' பகுதியில் யூடியூப் சர்ச் முன்னால் இருந்தால், எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள் என்று பாருங்கள். 'புளியங்குடி எலுமிச்சை' என்று தேடி வருகிறார்கள் என்றால், அந்தச் சொல் டைட்டிலில் இருந்தே ஆக வேண்டும். மற்றதை மாற்றுங்கள்.

* சில நூறு இம்ப்ரஷன்ஸ்தான் வந்திருக்கும்போது. 200 பேரில் நாலு பேர் கூடுதலாகக் கிளிக் செய்தாலே 2 சதவீதம் ஏறிவிடும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மாற்றினால் பழைய டைட்டிலையும் மாற்றிய நேரத்தையும் குறித்து வையுங்கள். தம்ப்நெயிலை அதே நேரத்தில் மாற்றாதீர்கள். எதனால் பலன் கிடைத்தது என்றே தெரியாமல் போகும். ஸ்டுடியோவில் டைட்டிலை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உங்களுக்கு வந்திருந்தால், ஊகிக்கவே தேவையில்லை. மூன்று டைட்டில் வரை கொடுக்கலாம். அதிலும் கிளிக்கை வைத்து அல்ல, பார்த்த நேரத்தை வைத்துதான் வெற்றி முடிவாகிறது.