நள்ளிரவில் அறுபடும் கூலி

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தை அண்டியுள்ள ஐஸ் ஆலைகளுக்கும் மீன் பதப்படுத்தும் கூடங்களுக்கும் இரவுப் பணி புதிதல்ல. பக்கத்து மட்டாஞ்சேரியில் ஒருகாலத்தில் சாப்பா எனும் உலோக வில்லை கைக்குக் கிடைத்தவருக்கே துறைமுகத்தில் வேலை. அதை எதிர்த்த போராட்டத்தின்மீது 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இன்று வில்லையின் இடத்தில் பணிப்பட்டியல் இருக்கிறது. அதைத் தோழர்கள் வாசிக்கப் பழக வேண்டும். குறிப்பாக, சனிக்கிழமை இரவுக்குரிய வரியை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் ‘நாள்’ என்பது நள்ளிரவில் தொடங்கியது. ‘வாரம்’ சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கியது. ஆனால் நள்ளிரவைத் தாண்டும் பணிக்கு 57ஆவது பிரிவு விலக்களித்தது: நள்ளிரவுக்குப் பின் உழைத்த மணிகள் முந்தைய நாளின் கணக்கிலேயே சேர வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் 28ஆவது பிரிவில் இவ்விதியை அப்படியே வைத்துள்ளது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திங்கள் முதல் சனி வரை ஆறு இரவுகள். இரவு 8 மணி முதல் காலை 6.30 வரை, நடுவே அரைமணி ஓய்வு. இரவுக்கு 10 மணி வீதம் வாரத்துக்கு 60 மணி. 48 போக மிஞ்சும் 12 மணிக்கு இருமடங்கு ஊதியம் தர வேண்டும். மணிக்கூலி 80 ரூபாய் என்றால் மிகைநேர ஊதியம் 1,920 ரூபாய்.

நிர்வாகம் தேதிவாரியாக எழுதினால் என்ன ஆகும்? சனி இரவுப் பணியில் நள்ளிரவுக்கு முந்தைய 4 மணி மட்டும் இந்த வாரத்தில் நிற்கும். பிந்தைய 6 மணி ஞாயிறுக்கு, அதாவது அடுத்த வாரத்துக்குப் போய்விடும். இந்த வார மொத்தம் 54; மிகைநேரம் வெறும் 6 மணி. “மிச்சத்தை அடுத்த வாரம் சேர்த்துவிட்டோமே” என்பார்கள். அடுத்த வாரம் அவர் 8 மணிநேரப் பகல் பணிக்கு மாறி, ஒருநாள் விடுப்பும் எடுத்தால், 40 மணியுடன் இந்த ஆறும் சேர்ந்து 46தான் ஆகும். மிகைநேரமே இல்லை! ஆறு மணிக்கும் ஒற்றைக்கூலிதான். தொழிலாளிக்கு 480 ரூபாய் இழப்பு. தாளில் ஒரு மணிகூட விடுபட்டிருக்காது. அதனால்தான் இது எளிதில் கண்ணில் படுவதில்லை.

வார விடுமுறையிலும் இதே தந்திரம் நடக்கிறது. இரவுப் பணியாளருக்கு விடுமுறை என்பது பணி முடியும் நொடியிலிருந்து தொடர்ச்சியான 24 மணிநேரம். ஞாயிறு காலை 6.30க்கு வெளியேறியவரைத் திங்கள் காலை 6 மணிக்கு அழைத்தால் அரைமணி குறைகிறது. பட்டியலில் ‘ஞாயிறு – விடுமுறை’ என்று எழுதியிருந்தாலும் சட்டம் கூறும் விடுமுறை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே சங்கக் கிளைகள் கேட்க வேண்டியது மொத்த மணியை அல்ல. ஒவ்வொரு பணிக்கும் உள்ளே வந்த நேரமும் வெளியே சென்ற நேரமும் ஒரே வரியில் எழுதப்பட்ட பதிவேட்டை. பணி தொடங்கிய நாளின் கீழ் மணிகளைக் கூட்டி, ஊதியச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். தொழிலாளி பகலுக்கும் இரவுக்கும் மாறிய வாரங்களையும் விடுப்பு எடுத்த வாரங்களையும் முதலில் எடுங்கள். வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.