பேங்கின் கறவை மாடு, உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்!

மந்தாரக்குப்பம், நெய்வேலி பக்கம் என்.எல்.சி.யில் ரிட்டயர் ஆகிறவங்களுக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் மொத்தமா சேவிங்ஸ் அக்கவுண்ட்டில் வந்து விழும். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு பலர் அதை அப்படியே விட்டுடறாங்க. அந்த "அப்புறம்"தான் பேங்குக்கு வருமானம்.

10 லட்சம் ரூபாயை வைத்து ஒரு கணக்கு போடலாம். அதில் 3%, அதாவது 30,000 ரூபாயை, பேங்க் ரிசர்வ் வங்கியில் சி.ஆர்.ஆர். என்று வைக்கணும், அதற்கு வட்டி கிடையாது. 18% எஸ்.எல்.ஆர்., பெரும்பாலும் அரசு பத்திரம். 6.5% கிடைத்தால் 11,700 ரூபாய். மீதி 7.9 லட்சத்தை 8% வட்டிக்கு வீட்டுக்கடனாக கொடுத்தால் 63,200. மொத்த வரவு 74,900 ரூபாய்.

உங்களுக்கு சேவிங்ஸில் 2.5% என்றால் 25,000 தான். மிச்சம் 49,900. இதே பணத்தை நீங்க 6% எஃப்.டி.யில் போட்டிருந்தால் பேங்க் 60,000 கொடுக்கணும்; அதுக்கு மிஞ்சுவது வெறும் 14,900.

இந்த மிச்சத்தை, வட்டி ஈட்டும் 9.7 லட்சத்தால் வகுத்தால் வருவதுதான் நிகர வட்டி வரம்பு, 'நிம்'. சேவிங்ஸ் பணத்தில் 5 சதவீதத்துக்கு மேல, எஃப்.டி. பணத்தில் ஒன்றரை. ரெண்டும் கலந்துதான் பெரிய பேங்குகள் 3% பக்கம் நிக்குது. சம்பளம், கிளை செலவு, வாராக்கடன் எல்லாம் இதிலிருந்துதான் போகணும். அதனால முழுசும் லாபம் இல்லை.

2025-ல் நடந்ததைப் பாருங்க. பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ 6.5-லிருந்து 5.5 ஆனது. ரெப்போவோடு இணைந்த வீட்டுக்கடன் வட்டி மூணு மாசத்துக்குள் இறங்கியே ஆகணும். ஆனா ஏற்கெனவே போட்ட எஃப்.டி.க்கு முதிர்வு வரை பழைய வட்டிதான். அப்போ வரம்பு சுருங்கும். பேங்க் உடனே கை வைக்கக்கூடிய இடம் ஒன்றுதான். எஸ்.பி.ஐ. ஜூனில் சேவிங்ஸ் வட்டியை 2.7-லிருந்து 2.5 ஆக்கியது.

இதை ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். சேவிங்ஸ் வட்டியை பேங்கே நிர்ணயிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2011 அக்டோபரிலேயே விட்டுடுச்சு. நாம பணத்தை நகர்த்தாதவரை பெரிய பேங்குகள் ஏன் ஏத்தணும்?

என் கருத்து: ஆறு மாச செலவுக்கானதை மட்டும் சேவிங்ஸில் வைங்க. மீதியை எஃப்.டி.யாகவோ, ஆட்டோ ஸ்வீப்பிலோ போடுங்க. ஸ்வீப்பில் நடுவில் எடுத்தால் வட்டி கொஞ்சம் குறையும், கேட்டுக்குங்க. அதிக வட்டி தரும் சின்ன பேங்குக்கு போனால், ஒரு பேங்கில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. அந்த எல்லையைத் தாண்டாதீங்க.