மாற்று முகத்துக்கு ஒரு வரம்பு

2017 ஏப்ரல் முதல் நாள், மாஸ்கோவிலிருந்து அப்போது வெளிவந்த ‘நோவயா கசெத்தா’ என்னும் செய்தித்தாள் ஒரு கொடுமையை உலகறியச் செய்தது. ருஷ்யக் கூட்டாட்சியைச் சேர்ந்த செச்னியாவில், தன்பாலின ஈர்ப்புடையோர் என்று ஐயுற்ற ஆண்களைக் காவற்படையினர் பிடித்துச் சென்று, மறைவிடங்களில் அடைத்து வதைத்துக்கொண்டிருந்தனர். சிலர் மாண்டனர். உயிரோடு விடப்பட்டோர் சிலரைக் குடும்பத்தாரிடமே ஒப்படைத்து, குலத்தின் மானத்தை நீங்களே காத்துக்கொள்ளுங்கள் என்று குறிப்புக் காட்டியதும் நடந்தது. தப்பியோடியவர்களுக்கு ருஷ்யாவின் பிற நகரங்களிலும் பாதுகாப்பில்லை. அயல்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் உறவினர் தேடி வருவர் என்ற அச்சம் நீங்கவில்லை.

இவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க முனைந்தார் அமெரிக்க இயக்குநர் டேவிட் ஃபிரான்ஸ். படத்தில் இடம்பெற ஒப்பியவர்களிடம், எவர் கண்ணுக்கும் உங்கள் அடையாளம் புலப்படாது என்று அவர் வாக்களித்தார். வழக்கம்போல் முகத்தை மங்கலாக்கிவிட்டால் அந்த வாக்கு நிறைவேறும் என்று தோன்றலாம். நிறைவேறாது. 2016ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர், மங்கலாக்கிய முகங்களையும் சிறுசிறு கட்டங்களாகச் சிதைத்த முகங்களையும் கணினிக்குப் பயிற்றுவித்து, அவை எவருடையவை என்று கண்டறியலாம் என மெய்ப்பித்திருந்தனர். அவர்களின் முறைக்கு ஒரு வரம்பு உண்டு. யார் யாருடைய முகமாக இருக்கலாம் என்ற பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். பொது வாசகரிடம் அத்தகைய பட்டியல் இராது. ஆனால், குடிமக்கள் எல்லாரின் அடையாள அட்டைப் படங்களையும் வைத்திருக்கும் ஓர் அரசிடம் அது இருக்கும். எவரிடமிருந்து ஒளிகிறோமோ, அவரிடம் மட்டுமே தோற்றுப்போகும் மறைப்பு அது.

இன்னுமொரு குறையும் உண்டு. மங்கலாக்கிய முகம் பேசாது. வதைபட்டவன் தன் கதையைச் சொல்லும்போது உதடு நடுங்குவதையோ, கேள்வி கேட்டதும் கண் தாழ்வதையோ பார்ப்பவர் காண வழியில்லை. செய்திகளில் முகம் மங்கலாகக் காட்டப்படுபவர் பெரும்பாலும் குற்றவாளியே என்று பழகிப்போன கண்களுக்கு, பாதிக்கப்பட்டவரும் ஐயத்துக்குரியவராகத் தெரிவார்.

‘வெல்கம் டு செச்னியா’ என்னும் அந்தப் படம் 2020இல் வெளிவந்தபோது, அதில் 23 பேர் வேறொருவர் முகத்துடன் தோன்றினர். அதைச் செய்த விதம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. காட்சி விளைவுக் கலைஞரான ரயன் லேனி, முகங்களை வெறுங்கற்பனையிலிருந்து ஆக்கவில்லை. நியூயார்க்கில் வாழும் செயற்பாட்டாளர்கள் 22 பேர், தங்கள் முகத்தை இரவல் தர முன்வந்தனர். ஒவ்வொருவரையும் பல கேமராக்களின் நடுவே அமர்த்தி, பல கோணங்களிலும் வெவ்வேறு ஒளியமைப்புகளிலும் படமெடுத்தனர். அப்படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி அளித்தபின், தப்பியோடியவரின் முகத்தசை அசைவின் மேல் நியூயார்க்குக்காரரின் முகம் பொருந்தி அசைந்தது. அழுகை, திகில், களைப்பு எல்லாம் வதைபட்டவருடையவை. மூக்கும் தாடையும் நெற்றியும் வேறொருவருடையவை. மூலப்படங்கள் இணையத்தோடு தொடர்பற்ற கணினிகளில் மட்டுமே கையாளப்பட்டன. குரல்களும் மாற்றப்பட்டன.

இந்தப் படத்தில் நாம் பெரிதும் மதிப்பது அதன் தொழில்நுட்பத் திறனை அன்று. தங்கள் திறனைத் தாங்களே குறைத்துக்கொண்டார்களே, அதைத்தான். மாற்றிய முகம் ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்தும்படி செய்ய அவர்களால் இயன்றிருக்கும். அப்படிச் செய்யாமல், முகத்தின் விளிம்பைச் சற்றே மென்மையாக, லேசான புகைபடிந்தாற்போல் விட்டுவைத்தனர். பார்ப்பவர் சில நொடிகளிலேயே இது மாற்றிய முகம் என்று உணர்ந்துகொள்வார். படத்தின் தொடக்கத்திலும் எழுத்தில் அறிவிப்பு உண்டு. ஓரிடத்தில், வதைபட்டவர்களுள் ஒருவரான மாக்சிம் லபுனோவ் வெளிப்படையாக முறையிடத் துணிகிறார். செய்தியாளர் முன் அவர் அமரும் அந்தக் காட்சியில், இரவல் முகம் கரைந்து அவருடைய சொந்த முகம் வெளிப்படுகிறது. முகம் எப்போது மறைய வேண்டும், எப்போது வெளிப்பட வேண்டும் என்று முடிவு செய்தவர் முகத்துக்கு உரியவரே. அவர் தொடுத்த வழக்கில் 2023 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ருஷ்யா அவருடைய உரிமைகளை மீறியது என்று தீர்த்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று 2023இல் நடந்தது. கொலம்பியாவில் 2021ஆம் ஆண்டு நடந்த மக்கள் போராட்டத்தையும் அதன்மேல் காவற்படை நடத்திய அடக்குமுறையையும் நினைவூட்ட, அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு சமூக ஊடகங்களில் செயற்கை நுண்ணறிவு ஆக்கிய படங்களை வெளியிட்டது. கொடி போர்த்திய பெண்ணொருத்தியைக் காவலர் இழுத்துச் செல்வதாக ஒரு படம். மெய்யான போராட்டக்காரர்களின் முகத்தைக் காட்டினால் அரசு பழிவாங்கக்கூடும், அதனால்தான் இப்படிச் செய்தோம் என்பது அமைப்பு கூறிய காரணம். காரணம் நேர்மையானது. செயற்கைப் படம் என்ற குறிப்பும் அதில் இருந்தது. ஆயினும் நிழற்படக்காரர்கள் கொதித்தெழுந்தனர், படங்கள் நீக்கப்பட்டன. கொலம்பியக் கொடியின் வண்ணங்கள்கூட அந்தப் படத்தில் முறை மாறிக் கிடந்தன.

இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் இத்தகைய படங்களை வெளியிடுவோர் மனங்கொள்ள வேண்டியது. செச்னியப் படத்தில் அறையும் சுவரும் கைநடுக்கமும் கண்ணீரும் மெய். முகவடிவம் ஒன்றே மாற்று. கொலம்பியப் படத்திலோ மெய்யென்று சொல்ல எதுவுமே இல்லை. நடந்த கொடுமைக்குச் சான்றாக வந்த படமே நடவாத ஒன்றைக் காட்டினால், கொடுமை செய்தவனுக்கு அதைவிட நல்ல தற்காப்பு வேறென்ன? அந்த ஒரு படத்தைக் காட்டி, எல்லாப் படங்களும் இப்படித்தான் என்று அவன் சொல்லிவிடுவான்.

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை எப்படி மறைப்பது என்பது நம் நாட்டில் தொலைவிலுள்ள கேள்வி அன்று. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. பெயர், முகவரி, நிழற்படம் என்பவற்றோடு அது நிற்கவில்லை. குடும்ப விவரம், பள்ளி, சுற்றுப்புறம், அடையாளம் காட்டக்கூடிய வேறெந்தச் செய்தியும் கூடாது என்று சொல்கிறது. 2018இல் கதுவா சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்களைத் தலா பத்து லட்ச ரூபாய் செலுத்தும்படி டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டதை எந்தச் செய்தி அறையும் மறந்திருக்க இயலாது.

ஒரு காப்பகத்தில் நடந்த கொடுமையைப் பற்றி அறிக்கை எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் ஆறு சிறுமியர் தரையில் அமர்ந்திருக்கும் படம் ஒன்று கிடைக்கிறது. அறிக்கையைத் தொகுப்பவர் ஆறு முகங்களுக்கும் செயற்கை முகம் பொருத்திவிட்டு, கடமை முடிந்தது என்று கருதுகிறார். ஆனால் சீருடையின் நிறம் பள்ளியைச் சொல்கிறது. சுவரிலுள்ள நாட்காட்டியில் கடையின் பெயரும் ஊரும் இருக்கின்றன. ஒருத்தியின் நெற்றியோரத் தழும்பு, முகம் மாறிய பின்னும் மாற்றத்தின் எல்லைக்கு வெளியே அப்படியே தங்கிவிட்டது. இன்னொருத்தியின் காது மடலும் சடையும் அவளுடைய அத்தைக்குப் போதும். இவற்றோடு படக்கோப்புக்குள் எடுத்த நாளும் நேரமும் இடக்குறிப்பும் பதிந்திருக்கலாம். சில கோப்புகளில் திருத்துவதற்கு முந்திய படத்தின் சிறு உருவமே ஒளிந்திருக்கும். முகம் மாறியது, சிறுமியர் மறையவில்லை. முகத்தை அடையாளத்தின் முழுமை என்று எண்ணுவதே இத்தொழிலில் மிகுதியாக நேரும் பிழை.

முகத்தை மாற்றும் முறையிலும் இருவகை உண்டு. ஒன்று, மூல முகத்தைப் பார்த்து அதன் சாயலை மாற்றுவது. செச்னியப் படத்தில் செய்தது இவ்வகை. அசைவும் உணர்ச்சியும் அப்படியே தங்கும் என்பது இதன் நன்மை; மூலத்தின் சாயல் சிறிது கசியக்கூடும் என்பது தீமை. மற்றொன்று, முகத்தின் இடத்தை முதலில் முற்றும் வெட்டியெறிந்துவிட்டு, சுற்றியுள்ளதையும் கண், மூக்கு முதலியவை இருந்த இடத்தின் சில புள்ளிகளையும் மட்டும் கணினிக்குக் கொடுத்துப் புதிய முகத்தை வரையச் சொல்வது. 2019இல் நார்வே ஆய்வாளர் வெளியிட்ட ‘டீப்பிரைவசி’ இவ்வழியில் இயங்குகிறது. மூல முகத்தைக் கணினி காண்பதே இல்லை என்பதால் கசிவதற்கு இடம் மிகக் குறைவு. ஆனால் உணர்ச்சியும் வெட்டியெறியப்பட்ட பகுதியோடு போய்விடுகிறது. மக்கள் இணையத்தில் ஏற்றிய படங்களைப் பார்த்துப் பயின்ற கணினி அது. கேமராவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அப்படங்களில் பலர் இருப்பர். அழுதுகொண்டிருந்த சிறுமியின் முகத்தில் கணினி ஒரு புன்னகையை வரைந்துவிட்டால், அந்த அறிக்கை பொய் சொல்கிறது. அகவையைக் கூட்டினாலும் நிறத்தை வெளுப்பாக்கினாலும் அவ்வாறே.

குழந்தைகளின் படத்துக்கு இரண்டாம் வகையையே நாம் ஏற்போம். உணர்ச்சியைக் காட்ட இயலாமல் போனால், அதை எழுத்தில் சொல்லட்டும். வளர்ந்தவர்கள் தாமாக விரும்பி, இறுதிப் படத்தைத் தாமே பார்த்து, இதில் என்னை எவரும் அறியார் என்று ஒப்புதல் தந்தால் முதல் வகை பொருந்தும். இந்தப் பார்வையைத் தவிர்க்கவே கூடாது. மூலமும் மாற்றும் ஒருவருடையவையா என்று முகமறியும் மென்பொருளிடம் கொடுத்துச் சோதிப்பது தேவைதான். ஆனால் தன் தழும்பை, தன் தோள் சாய்வை, தன் தம்பி எப்படிக் கண்டுபிடிப்பான் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இரவல் முகம் எவருடையது என்ற கேள்வியும் எளிதன்று. கணினி ஆக்கிய முகம் எவருடையதும் அன்று என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். உலகில் எங்கோ ஒருவர் அம்முகத்தை ஒத்திருக்கக்கூடும். பாலியல் கொடுமைக்கு ஆளானவர் என்ற குறிப்போடு, அல்லது அதனினும் கேடாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ற குறிப்போடு, அந்த முகம் அச்சேறினால் அவர் வாழ்வு என்னாகும்? நியூயார்க்கில் 22 பேர் மனமுவந்து முகம் கொடுத்ததன் அருமை இங்கேதான் விளங்குகிறது. குற்றஞ்சாட்டப்பட்டோரின் படத்துக்குச் செயற்கை முகம் எந்நிலையிலும் ஆகாது. அங்கே முகத்தை முழுவதும் கருமையால் மூடிவிடுவதே முறை.

கருமையால் மூடுவது அழகற்றதுதான், ஆனால் ஏமாற்றாது. எனவே படம் சான்றாக நிற்க வேண்டிய இடத்தில், யார் எங்கே நின்றார், எவர் கையில் என்ன இருந்தது என்பதே வழக்காக இருக்கும் இடத்தில், செயற்கை முகத்தை அறவே விலக்க வேண்டும். அவ்விடத்தில் மூலப்படம் முத்திரையிட்டு நீதிமன்றத்துக்குப் போகட்டும். மக்களுக்கு மூடிய படம் போதும். மற்ற இடங்களில் செயற்கை முகத்தை ஏற்போர், படத்தின் மேலேயே, பின்பக்கத்துக் குறிப்பில் அன்று, முகங்கள் மாற்றப்பட்டவை என்று அச்சிட வேண்டும். படத்தை எவரேனும் அறிக்கையிலிருந்து தனியே வெட்டியெடுத்துப் பரப்பினாலும் அந்தச் சொற்கள் உடன் செல்லும்படி அவை படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தமிழகத்தில் குழந்தைகள் நலன் பற்றி அறிக்கை வெளியிடும் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் செய்தித்தாள்களும், அடுத்த அறிக்கை அச்சுக்குப் போகுமுன் இந்த விதிகளை எழுத்தில் வகுத்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.