கால் வழுக்குறது காசில்லாததால இல்லை

எங்கட பெடியளும் பெட்டையளும் செய்து அனுப்புகிற முப்பரிமாணக் கேம் டெமோக்களைத் திறந்தவுடன் நாங்கள் முதலில் பார்ப்பது பாத்திரத்தின் கால்களைத்தான். முகம் அழகாக இருக்கும், வெளிச்சம் நல்லா விழும். ஆனால் பாத்திரம் நடக்கத் தொடங்கினால் ஐஸ்கட்டியில் போறமாதிரி பாதம் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். ஏன் எண்டு கேட்டால் வருகிற பதில் எப்பவும் ஒன்றுதான்: "இலவச அனிமேஷன் தானே, வேற என்ன செய்யிறது. மோஷன் கப்சருக்கு எங்களிட்ட எங்க காசு?"

இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. அடோபியின் மிக்ஸாமோவில் இலவசமாகக் கிடைக்கிற நடையும் ஓட்டமும் பெரும்பாலும் மனிதர்கள் நடந்து பதிவு செய்த அசைவுகள்தான். வழுக்கல் அந்தக் கோப்புக்குள் இல்லை. அந்த இரண்டு கோப்புகளையும் நாங்கள் ஒன்றோடொன்று இணைக்கிற விதத்தில் இருக்குது. யூனிட்டியை வைத்தே சொல்கிறோம், எங்களுக்கு வருகிற டெமோக்களில் அதிகமானவை அதில்தான் செய்யப்படுகின்றன.

யூனிட்டியின் அனிமேட்டர் ஜன்னலில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று நிலை வரைபடம்: நிற்றல், நடத்தல், ஓடுதல், பாய்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. மற்றது பிளெண்ட் ட்ரீ: ஒரே பெட்டிக்குள் பல அசைவுகளை வைத்து, ஓர் எண்ணின்படி அவற்றைக் கலக்கிறது. புதுசாகத் தொடங்குகிற ஆக்கள் முதல் கருவியிலேயே எல்லாத்தையும் கட்டிவிடுகிறார்கள். ஆறு பெட்டி, எல்லாவற்றிலிருந்தும் எல்லாவற்றுக்கும் போகலாம் என்றால் முப்பது அம்பு. ஒரு கிழமைக்குப் பிறகு எந்த அம்பு எதுக்குப் போட்டது எண்டு போட்டவருக்கே தெரியாது.

எதை எங்கே வைப்பது என்பதற்கு நாங்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம்: இதில பாதி என்று ஒன்று இருக்கா? பாதி நடை, பாதி ஓட்டம் என்பது உலகத்தில் உண்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போறவர் செய்வது அதைத்தான். அது பிளெண்ட் ட்ரீக்குரியது. பாதிப் பாய்ச்சல் என்று ஒன்று இல்லை, பாய்ந்தால் பாய்ந்ததுதான். அது வரைபடத்தில் தனிப் பெட்டி.

நடையும் ஓட்டமும் ஒரே ட்ரீக்குள் வந்துவிட்டால் மட்டும் வழுக்கல் போய்விடாது. முதலில் கால்களின் ஒழுங்கு. யூனிட்டி ஒரு ட்ரீக்குள் இருக்கிற அசைவுகளை அவற்றின் நீளத்தின் விகிதப்படி ஒத்தோட வைக்கும்: நடை தன் சுற்றில் கால்வாசி முடித்திருந்தால் ஓட்டமும் கால்வாசி முடித்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் எந்தக் கால் தரையில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. நடைக் கோப்பு இடது கால் ஊன்றுவதில் தொடங்கி, ஓட்டக் கோப்பு வலது கால் ஊன்றுவதில் தொடங்கினால் கதை முடிஞ்சுது. ஒன்றில் இடது பாதம் இடுப்புக்கு முன்னால் 30 சென்ரிமீற்றர், மற்றதில் அதே பாதம் பின்னால் 30 சென்ரிமீற்றர். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் பூச்சியம். இரண்டு காலும் இடுப்புக்குக் கீழே சேர்ந்து நின்று நடுங்கும், உடம்பு மட்டும் போய்க்கொண்டிருக்கும். இதுக்கு மருந்து ஒரு நிமிட வேலை: ஓட்டக் கோப்பின் இறக்குமதி அமைப்பில் `Cycle Offset` என்பதை 0.5 ஆக்கினால் அது வலது காலுக்குப் பதிலாக இடது காலில் தொடங்கும்.

அடுத்தது வேகம். இதைத்தான் கொஞ்சம் ஆறுதலாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

எங்களிடம் ஒரு நடை இருக்குது என்று வைப்போம். ஒரு சுற்று, அதாவது இரண்டு காலடி, 1 செக்கனில் முடிகிறது. அதற்குள் உடம்பு 1.5 மீற்றர் போகிறது. ஆக வேகம் செக்கனுக்கு 1.5 மீற்றர். ஓட்டம் 0.7 செக்கனில் 2.8 மீற்றர் போகிறது, வேகம் 4. ட்ரீயில் இந்த இரண்டு அசைவுகளின் எல்லை எண்ணாக இந்த 1.5ஐயும் 4ஐயும் கொடுக்க வேண்டும். பலர் கண்ணுக்குப் பட்டபடி 0.5, 1 என்று போடுகிறார்கள், வழுக்கலின் பெரும்பங்கு அதிலேயே வந்துவிடுகிறது. உண்மையான எண்ணை யூனிட்டியே தரும். கோப்பின் Animation தாவலில் `Average Velocity` என்று காட்டும், ட்ரீயில் `Compute Thresholds` தெரிவு அதைத் தானாக எடுத்தும் போடும். ஆனால் மிக்ஸாமோவில் `In Place` என்ற பெட்டியைச் சரி போட்டு இறக்கியிருந்தால் உடம்பின் பயணம் அழிந்துவிடும், வேகம் பூச்சியம் என்றுதான் வரும். அளப்பதற்காகவாவது அதைப் போடாமல் ஒருமுறை இறக்குங்கோ.

இப்ப பாத்திரத்தை நடுவேகத்தில், செக்கனுக்கு 2.75 மீற்றரில் ஓட விடுவோம். இரண்டு அசைவும் சரிபாதி. யூனிட்டி சுற்றின் நீளத்தையும் சராசரியாக்கும்: 1க்கும் 0.7க்கும் நடு, 0.85 செக்கன். ஒரு சுற்றில் போகிற தூரமும் நடு, 2.15 மீற்றர். 2.15ஐ 0.85ஆல் பிரித்தால் 2.53. உடம்பு 2.75இல் போகிறது, கால்கள் 2.53இல் தான் நடக்கின்றன. எல்லை எண்களை மிகச் சரியாகக் கொடுத்த பிறகும் செக்கனுக்கு 22 சென்ரிமீற்றர் வழுக்கல் மிஞ்சுகிறது! யாருடைய பிழையும் இல்லை. நீளத்தையும் நேரத்தையும் தனித்தனியாகச் சராசரி எடுத்துப் பிரித்தால் வேகங்களின் சராசரி வராது, அவ்வளவுதான். நடுவில் ஒரு மெல்லோட்டக் கோப்பைச் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். அது கிடைக்காவிட்டால் அசைவின் ஓட்ட வேகத்தை அந்த விகிதத்தால் கூட்டலாம். இங்கே 2.75ஐ 2.53ஆல் பிரித்தால் ஏறத்தாழ 1.09, ஒன்பது வீதம் விரைவு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

```csharp
animator.SetFloat("Speed", v, 0.1f, Time.deltaTime);
float s = animator.GetFloat("Speed");
float w = Mathf.InverseLerp(1.5f, 4f, s);
float legs = Mathf.Lerp(1.5f, 2.8f, w) / Mathf.Lerp(1f, 0.7f, w);
animator.SetFloat("Rate", v / legs);
```

`v` என்பது உடம்பு உண்மையில் தரையில் போகிற வேகம், விசையை அழுத்தியதால் நாங்கள் விரும்புகிற வேகம் இல்லை. சுவரில் முட்டி நிற்கிற பாத்திரம் ஓடிக்கொண்டே இருப்பது இந்த இரண்டையும் குழப்புவதால் வருகிறது. `Rate` ட்ரீ இருக்கிற பெட்டியின் Speed பெருக்கியாகப் போகும். 0.1 என்பது கலவை எண்ணை மட்டும் மெதுவாக நகர்த்துகிறது. உடம்பின் வேகத்தை அது தொடாததால் விளையாடுகிறவருக்குப் பிந்தின மாதிரி இருக்காது.

இனி நாங்கள் பெரும்பாலான யூடியூப் பாடங்களோடு முரண்படுகிற இடம். நிற்கிற அசைவையும் அதே ட்ரீயில் 0 என்ற எண்ணில் போடச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள். போடாதேங்கோ. நிற்கிற கோப்பு மூச்சு விடுவதையும் தோள் அசைவதையும் காட்டுகிறது, அதன் நீளம் பெரும்பாலும் 4 செக்கன் அளவில் இருக்கும். பாத்திரம் 0.75 வேகத்தில் போகும்போது பாதி நிற்றல், பாதி நடை. சுற்றின் நீளம் 4க்கும் 1க்கும் நடு, 2.5 செக்கன். ஒரு சுற்றில் போகிற தூரம் 0.75 மீற்றர். ஆகக் கால்களின் வேகம் 0.3 மட்டும், உடம்பின் வேகத்தில் பாதி கூட இல்லை. தொடக்கத்திலும் நிறுத்தத்திலும் பாத்திரம் தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரித் தெரிவது இதனால்தான். எங்கட கேள்வியைக் கேட்டுப் பாருங்கோ: பாதி நிற்றல் என்று ஒன்று இருக்கா? இல்லை. தனிப் பெட்டியில் வையுங்கோ. வேகம் 0.1ஐத் தாண்டினால் நடைக்குப் போகட்டும், 0.05க்குக் கீழே வந்தால் திரும்பட்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் எல்லையில் நின்று துடிக்கும். `Has Exit Time` சரியை எடுத்துவிடுங்கோ, இல்லாவிட்டால் விசையை அழுத்தின பிறகும் பாத்திரம் மூச்சை விட்டு முடிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். மெதுவான நடைக்கு மேலே உள்ள குறிமுறையே போதும்: 0.75 வேகத்தில் `w` பூச்சியம், `Rate` 0.5, கால் தரையை விட்டு நழுவாது.

திரும்புதலில் இரண்டு வகை இருக்குது. ஓடிக்கொண்டே வளைவது பாதி பாதியாக நடக்கக் கூடியது. அதற்கு இரண்டு எண் கொண்ட ட்ரீ, யூனிட்டியில் `2D Freeform Cartesian`. ஒரு அச்சில் வேகம், மற்றதில் திரும்புகிற வேகம், இரண்டு பக்கமும் சாய்ந்து ஓடுகிற கோப்புகள். ஓட்டத்தில் சட்டென்று பின்பக்கம் திரும்புவது வேறு. அதில் ஒரு கால் ஊன்றி, உடம்பு பிரேக் பிடித்து, மறுபக்கம் தள்ளும். அதைக் கலவையால் செய்யப் போனால் கோணம் 180க்கும் −180க்கும் இடையில் குதிக்கும், மென்மையாக்கின எண் வலமிருந்து இடம் போகிற வழியில் பூச்சியத்தைக் கடக்கும், பாத்திரம் ஒரு கணம் நேராக ஓடுகிற மாதிரி நிமிர்ந்துவிடும். ஆகவே தனிப் பெட்டி, கோணம் 135 பாகையைத் தாண்டி வேகமும் 3க்கு மேல் இருந்தால் மட்டும். நுழைகிற கணத்தில் கோணத்தைப் பிடித்து வைத்துவிட்டு, முடியும்வரை திரும்பக் கேட்கக் கூடாது. எந்தக் கால் ஊன்றியிருக்கிறது என்பதும் கையிலேயே இருக்குது. முதலில் கால்களை ஒழுங்குபடுத்தியதால் சுற்றின் முதல் பாதி இடது, மற்றப் பாதி வலது. வலது என்றால் அதே கோப்பை `Mirror` ஆக்கலாம், ஆனால் மனித எலும்புக்கூடாக இறக்குமதி செய்த பாத்திரத்துக்குத்தான் அது வேலை செய்யும். திரும்புகிற பக்கமும் அதோடு மாறும் என்பதை மறக்காதேங்கோ.

பெரிய நிறுவனங்கள் இந்த மரங்களையெல்லாம் விட்டுவிட்டு மோஷன் மட்சிங்குக்குப் போய்விட்டதே என்று சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். யூபிசொஃப்ட் 2016இலேயே ஜீடிசியில் ஃபொர் ஹானர் கேமை வைத்து அதைப் பற்றிப் பேசியது உண்மை. ஆனால் அதற்குப் பதிவு செய்த அசைவுகள் நிறைய வேணும். காசு என்ற சாட்டு அங்கே சரியாகப் பொருந்தும். மூன்று பேர் சேர்ந்து செய்கிற கேமின் நடையில் பொருந்தாது.

அடுத்த முறை டெமோ அனுப்ப முதல் இதைச் செய்து பாருங்கோ. ஒரு மீற்றர் சதுரங்கள் கீறின தரையைப் போட்டு, `Time.timeScale` ஐ 0.2 ஆக்கி, பக்கவாட்டில் கமராவை வைத்து, ஊன்றின ஒரு பாதத்தை மட்டும் பாருங்கோ. பாதம் உடம்போடு சேர்ந்து முன்னுக்கு இழுபட்டால் கால்கள் மெதுவாக ஓடுகின்றன. பின்னுக்கு வழுக்கினால் கால்கள் விரைவு. இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் நடுவில் சேர்ந்தால் வேகத்தைத் தொடாதேங்கோ, அது `Cycle Offset`.